ஒரு கரண்டியில் பதின்மூன்று நாள் அயோடின்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் உள்ள எல்லை ஊர்களில் தைராய்டு என்ற சொல் தெரியாத வீடு இன்று குறைவு. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடும் பெண்ணுக்கு அறிவுரை சொல்லவும் ஆள் குறைவில்லை. இப்போது அந்த அறிவுரையில் கடற்பாசியும் சேர்ந்துவிட்டது. “மக்கா, மாத்திரைய விடு. தைராய்டு அயோடின் கொறவுல வருது. கடப்பாசிப் பொடி கலக்கிக் குடி. கடல்ல வெளையுறது ஒண்ணும் செய்யாது.” இந்தப் பேச்சு தவறு மட்டுமல்ல, தீங்கு செய்யக்கூடியது. நல்ல மனத்தோடு சொல்லப்படுவதால்தான் இதைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. அயோடின் குறைந்தால் முன்கழுத்தில் கழலை வரும் என்பது உண்மை. மரச்சீனியில் இருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட், தைராய்டுச் சுரப்பிக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும் என்பதும் உண்மை. கிழங்கும் மீனும் தின்று வளர்ந்த நம் ஊரில் இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், கடற்பாசிதான் முறிமருந்து என்று முடிவுகட்டினார்கள். ஆனால் கிழங்கின் கேடு அயோடின் பஞ்சம் உள்ள இடத்தில்தான் தலைதூக்கும். இங்கே பஞ்சம் இல்லை. கடை உப்பு வீட்டுக்கு வந்து சேரும்போது அதில் பத்து லட்சத்துக்குப் பதினைந்து பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒருவர் நாளைக்கு 10 கிராம் உப்பு தின்றால் 150 மைக்ரோகிராம் அயோடின் வந்துவிடும். பெரியவர் ஒருவருக்குத் தேவையான அளவே அதுதான். பூவாரிலும் பொழியூரிலும் கரையேறும் மீன் இதற்கு மேல்.

கொச்சியில் பெரியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அயோடின் போதுமான அளவில் இருந்த மக்களிடையே கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்குத் தைராய்டு இயக்கத்தில் கோளாறு இருந்தது. சுரப்பு குறைந்தவர்களில் கணிசமானோரின் ரத்தத்தில், தம் சுரப்பியையே தாக்கும் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. ஹாஷிமோட்டோ என்று மருத்துவர்கள் சொல்வது இந்தத் தன்தாக்கு நோயைத்தான். அயோடின் பற்றாக்குறையால் வந்ததல்ல அது. அதை அயோடின் ஊட்டித் தீர்க்க முடியாது.

அயோடின் அளவு மீறினால் என்ன நடக்கும் என்பதை வுல்ஃப், சைகாஃப் என்ற இருவர் 1948-இல் எலிகளிடம் காட்டினார்கள். அயோடின் ஒரேயடியாகக் குவிந்தால் சுரப்பி ஹார்மோன் செய்வதை நிறுத்திக்கொள்கிறது. நல்ல சுரப்பியாக இருந்தால் சில நாட்களில் அயோடினை உள்ளே இழுக்கும் வாசலைச் சுருக்கிக்கொண்டு மறுபடி வேலைக்குத் திரும்பும். ஹாஷிமோட்டோவால் சிதைந்த சுரப்பிக்கு அப்படித் திரும்பும் திறன் இல்லை. பூட்டிய கடை பூட்டியே கிடக்கும். வயிற்றில் உள்ள பிள்ளைக்கும், குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் இந்தத் திறன் இன்னும் முற்றியிருக்காது. இதைச் சொல்லாமல் கர்ப்பிணிக்குப் பாசிக்கஞ்சி பரிந்துரைப்பவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாறசாலையில் நாற்பது வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். டி.எஸ்.ஹெச். 7. எதிர்ப்புப் பொருள் உண்டு. மருத்துவர் சிறிய அளவில் மாத்திரை எழுதுகிறார். உறவுக்காரர் வாங்கிக் கொடுத்த கெல்ப் பொடியையும் தினம் ஒரு சிறு கரண்டி, சுமார் 2 கிராம், வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். கெல்ப் என்பது குளிர்கடலில் வளரும் பழுப்புப் பாசி. கிராமுக்கு 1000 மைக்ரோகிராம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு கரண்டியில் 2000. பதின்மூன்று நாளுக்கான அயோடின் ஒரே மடக்கில் போகிறது. அமெரிக்கர்கள் பெரியவருக்கு வைத்த உச்ச வரம்பு நாளைக்கு 1100, ஐரோப்பியர்கள் வைத்தது 600. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.ஹெச். இருபதைத் தாண்டியிருக்கலாம். சோர்வு, மலச்சிக்கல், முகவீக்கம் எல்லாம் கூடியிருக்கும். நோய் முற்றுகிறது என்று மாத்திரையின் அளவு கூட்டப்படும். என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றாது. “பொடி இன்னும் பிடிபடல, அளவக் கூட்டு” என்று உறவுக்காரர் சொல்லுவார். பொடியை நிறுத்திவிட்டு ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்தால், பலருக்கு எண் இறங்கி வருவதில் குற்றவாளி பிடிபடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நெடுநாளாகக் கழுத்தில் முடிச்சுக் கழலை வைத்திருக்கும் முதியவருக்கு அதே பொடி சுரப்பைத் தாறுமாறாகக் கூட்டிவிடலாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிவார், கை நடுங்கும், நெஞ்சு தாளம் தப்பித் துடிக்கும். வயதானவருக்கு இது இதய நோய் என்ற பெயரில்தான் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்.

“ஜப்பான்காரன் தின்கிறானே, நூறு வயசு இருக்கிறானே” என்பது அடுத்த வாதம். ஜப்பானிலேயே பதில் இருக்கிறது. கோம்பு என்ற கெல்ப் விளையும் ஹொக்கைடோ கரையோரத்தில் கழலை ஊர்நோயாக இருந்ததை 1960-களில் அந்நாட்டு மருத்துவர்களே பதிவு செய்தார்கள். அங்கே காரணம் அயோடின் குறைவல்ல, மிகுதி. ஆஸ்திரேலியாவில் சோயாப் பால் ஒன்றில் சுவைக்காகக் கோம்பு சேர்த்தார்கள். போன்சோய் என்ற அந்தப் பாலை 2009 டிசம்பரில் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நாளைக்கு 30 மில்லிக்கு மேல் குடித்தாலே வரம்பு தாண்டும் என்று உணவுத்தர அமைப்பு எச்சரித்தது. குடித்தவர்கள் யாரும் மருந்தென்று எண்ணிக் குடிக்கவில்லை. பால் என்றுதான் குடித்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2014-இல் இரண்டரைக் கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு முடிந்தது.

எல்லாப் பாசியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நோன்புக் காலத்தில் வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பு, சைனா கிராஸைக் காய்ச்சி உறையவைத்தது. பாசியை வேகவைத்துப் பிரித்தெடுத்த அதில் அயோடின் மிகச் சொற்பம். அதற்கு யாரும் பயப்பட வேண்டாம். சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினா கடற்பாசியே அல்ல. நோரித் தாள் ஒன்றிரண்டு தின்பதும் பெரும்பாலோருக்குக் கேடில்லை. என் சண்டை கெல்ப், கோம்பு போன்ற பழுப்புப் பாசிகளைப் பொடியாக்கி, தினமும், தைராய்டு மருந்து என்று விற்பதோடுதான். ஒரே இனத்தில்கூட விளைந்த கடலையும் பருவத்தையும் பொறுத்து அயோடின் பல மடங்கு மாறும். பாக்கெட்டில் கிராமுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று அச்சிடாதவன் எதை விற்கிறான் என்பது அவனுக்கே தெரியாது.

இதைக் கேட்டுவிட்டு அயோடின் உப்பை ஒதுக்கி இந்துப்புக்கு மாற வேண்டாம். அது அடுத்த தவறு. உப்பில் வருவது தேவைக்கான அளவு, கர்ப்பிணிக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும். பொடி குடித்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போகும்போது பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் மேசைமேல் வையுங்கள்.