வெட்டியதைப் பார்வையாளருக்குச் சொல்லுங்கள்

2025 ஜூலை 17 அன்று திரைக்கு வந்த ‘ஜானகி வி வெர்சஸ் ஸ்டேட் ஆஃப் கேரளா’ என்ற மலையாளப் படத்தில், நீதிமன்றக் குறுக்கு விசாரணைக் காட்சி ஒன்று உண்டு. அதில் சில இடங்களில் கதாநாயகியின் பெயர் மட்டும் காதில் விழாது. பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் படம் பார்க்கப் போனவர்கள், ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கக்கூடும். ஆனால், திரைப்படச் சான்றிதழ் வாரியம் கேட்டதால்தான் அந்தப் பெயர் ஊமையாக்கப்பட்டது.

கதையில் ஜானகி, பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி நீதி கேட்டு வழக்காடும் பெண். திருவனந்தபுரத்திலுள்ள வாரியத்தின் மண்டல அலுவலகம் படத்தைப் பார்த்த பிறகும் சான்றிதழ் கிடைக்கவில்லை. படம் மும்பையில் மறுஆய்வுக் குழுவிடம் போனது. ஜானகி என்பது சீதையின் பெயர், இப்படியொரு பாத்திரத்துக்கு அதை வைக்கக் கூடாது என்பது வாரியத்தின் வாதம். வேற்று மதத்து வக்கீல் அந்தப் பெயருள்ள பெண்ணிடம் கூசவைக்கும் கேள்விகளைக் கேட்பது பொது அமைதியைக் குலைக்கும் என்றும் அது சொன்னது. ஜூன் 27 அன்று வரவேண்டிய படம் நின்றுபோனது. தயாரிப்பாளர்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என்.நகரேஷ் படத்தை நேரிலேயே பார்த்தார். முதலில் 96 வெட்டுகள் தேவைப்படும் என்றிருந்த வாரியம், ஜூலை 9 அன்று இரண்டு மாற்றங்கள் போதும் என்றது: தலைப்பில் ‘வி’ என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும், விசாரணைக் காட்சியில் பெயரை ஒலியிழக்கச் செய்ய வேண்டும். வெளியீடு தள்ளிப்போய்க்கொண்டிருந்ததால் தயாரிப்புத் தரப்பு ஒப்புக்கொண்டது. 96 இரண்டாகச் சுருங்கியதே, மற்றவற்றுக்கு உறுதியான காரணம் இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

பார்வையாளர் இழந்தது ஒரு சொல்லைத்தானே என்று விட்டுவிட முடியாது. கூண்டில் நிற்கும் பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்து, அடுத்த மூச்சில் அவளது ஒழுக்கத்தைக் கிளறுவதுதான் அந்தக் காட்சியின் கொடுமை. பெயரை எடுத்துவிட்டால் கேள்விகள் யாரோ ஒருத்தியைப் பார்த்துக் கேட்கப்பட்டவையாகிவிடும். தமிழக–கேரள எல்லைக் கிராமங்களில் தமிழ் வீடுகளிலும் மலையாள வீடுகளிலும் பழகிய பெயர் ஜானகி. அந்தப் பெயருடைய ஒரு பெண்ணுக்கு அநீதி நடந்தால், அவள் தன் பெயரைச் சொல்லித்தான் நீதி கேட்க முடியும்.

வாரியத்தின் சான்றிதழ் கிடைத்த பிறகும் ஒரு படம் எங்கே நிற்கும் என்பதை இந்த எல்லை 2013-லேயே பார்த்தது. ‘விஸ்வரூபம்’ சான்றிதழ் பெற்ற படம்; ஜனவரி 25 அன்று கேரளத்தில் வெளியானது. தமிழகத்திலோ மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டார்கள். களியக்காவிளை எல்லைக்குக் கேரளப் பக்கம் படத்தைத் திரையிடலாம், தமிழகப் பக்கம் கூடாது. பிறகு பேச்சுவார்த்தை நடத்தி, சில இடங்களில் ஒலியை நீக்க ஒப்புக்கொண்ட பின்பே பிப்ரவரி 7 அன்று தமிழகத்தில் திரையிட்டார்கள். 1956 வரை ஒரே திருவிதாங்கூர் மண்ணாக இருந்த நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் ஒரே படம் இரண்டு வடிவங்களில் கிடைத்தது. இத்தனைக்கும், ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே தெளிவாகச் சொல்லியிருந்தது: போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையை ஒடுக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை.

வாரியமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குழந்தைகள் எதைப் பார்க்கலாம் என்று பெற்றோருக்கு வழிகாட்ட ஓர் அமைப்பு தேவைதான். 2023 சட்டத் திருத்தம் யு/ஏ பிரிவை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தது அதற்காகத்தான். வயதைப் பிரிக்க இத்தனை படிகள் வந்த பிறகு, வளர்ந்தவர்களுக்கான காட்சியில் கத்திரி எதற்கு?

படத்தின் தொடக்கத்தில் திரையில் வரும் சான்றிதழ், பிரிவையும் ஓடும் நேரத்தையும் காட்டுகிறது. எது வெட்டப்பட்டது, எது ஊமையாக்கப்பட்டது, ஏன் என்பதையும் பார்வையாளர் படிக்கும்படி வாரியம் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட வேண்டும். காரணத்தை எழுதி மக்கள் முன் வைக்க வேண்டும் என்ற நிலை வந்தால், 96 வெட்டுகள் கேட்கும் துணிச்சல் குறையும்.

அதோடு, 2021-இல் கலைக்கப்பட்ட திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை ஒன்றிய அரசு மீண்டும் அமைக்க வேண்டும். உயர் நீதிமன்றம் வரை போகப் பணமும் நேரமும் இல்லாத சிறிய தயாரிப்பாளர், இன்று வாரியம் கேட்டதையெல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் படத்தை வெளியிட முடிகிறது.