"குறைக்கப்படும்" என்று எழுதலாமா?

வடக்கில் இயங்கும் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் நிலைபேண்தகைமை அறிக்கையை அண்மையில் தமிழாக்கினேன். "2030இல் நிலத்தடி நீர்ப் பாவனை 30 சதவீதத்தால் குறைக்கப்படும்" என்று முதல் வரைபில் எழுதியிருந்தேன். வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் ஆங்கில மூலம் அப்படிச் சொல்லவில்லை. "ஓர் ஆடைக்குச் செலவாகும் நீரை, 2019உடன் ஒப்பிடுகையில், 30 சதவீதம் வரை குறைக்க முயல்வோம்" என்பதே அதன் பொருள்.

நான் தவறவிட்டவற்றில் முக்கியமானவை மூன்று. "முயல்வோம்" என்பது போனதும் முயற்சி வாக்குறுதியாகிவிட்டது. "வரை" போனதால் உச்ச எல்லை உறுதியான அளவாக மாறிவிட்டது; மூலத்தின்படி 5 சதவீதம் குறைந்தாலும் சொன்னதை மீறியதாகாது. "ஓர் ஆடைக்கு" என்பதை விட்டதுதான் பெரிய பிழை. 2019இல் 100 லீற்றர் எடுத்த இடத்தில் உற்பத்தி இரட்டித்தால், ஆடைக்கு 30 சதவீதம் குறைத்த பின்னும் 140 லீற்றர் எடுக்கப்படும். இலக்கு நிறைவேறும், அயற்கிணறுகளின் நீர்மட்டமோ இறங்கும்.

கணக்காய்வாளர் பகுதியிலும் இதே பொறிதான். மட்டுப்படுத்தப்பட்ட உறுதிப்பாட்டில் அவர்கள் "பிழையிருப்பதாகக் கருதவைக்கும் எதுவும் எமது கவனத்திற்கு வரவில்லை" என்பார்கள். அதை "தரவுகள் சரியென உறுதிப்படுத்துகிறோம்" என்று எழுதினால், அவர்கள் தராத சான்றிதழை நாம் கொடுத்தவர்களாவோம்.

"காணிகள் விடுவிக்கப்படும்" என்ற கடிதங்களோடு வருடக்கணக்காய் அலைந்தவர்கள் நாங்கள். தமிழ்ப் பிரதியை நம்பிக் கேள்வி கேட்கப்போகும் ஊரவரிடம், "முரண்பட்டால் ஆங்கிலப் பிரதியே செல்லும்" என்ற கடைசி வரியைத்தான் காட்டுவார்கள்.