256 ஜிபி போனா, 128 ஜிபி பிளஸ் க்ளவுடா? எதற்குப் பணம் கொடுப்பது லாபம்?

புது போன் வாங்கப் போனால் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்: 128 ஜிபி போதுமா, 256 ஜிபிக்குப் போகலாமா? “128 எடுங்க சார், மீதிக்குத்தான் க்ளவுட் இருக்கே” என்பார் கடைக்காரர். கேட்க சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், க்ளவுட் என்பது போனின் இன்னொரு அறை அல்ல. அங்கே போகும் பொருள் வேறு, போனிலேயே தங்கும் பொருள் வேறு.

கணக்குப் போட்டால்...

2024 செப்டம்பரில் ஐபோன் 16 இந்தியாவில் அறிமுகமானபோது 128 ஜிபி மாடலின் விலை 79,900 ரூபாய். 256 ஜிபி 89,900 ரூபாய். வித்தியாசம் 10,000. ஐக்ளவுடில் 50 ஜிபி திட்டத்துக்கு மாதம் 75 ரூபாய், 200 ஜிபிக்கு 219 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்குப் பெருக்கினால் முதலாவது 3,600, இரண்டாவது 10,512.

அதாவது, 50 ஜிபிக்குள் அடங்குகிறவருக்கு க்ளவுட் மலிவு. அதைத் தாண்டினால் லாபம் போச்சு!

ஆண்ட்ராய்டில் கதையே வேறு. நடுத்தர விலை போன்களில் இரண்டு மாடல்களுக்கும் இடையே பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்தான் வித்தியாசம். கூகுள் ஒன்னில் 100 ஜிபிக்கு ஆண்டுக்கு 1,300 ரூபாய். இரண்டே ஆண்டில் அந்த வித்தியாசம் சமமாகிவிடும்.

எது க்ளவுடுக்குப் போகும்?

128 ஜிபி ஐபோன் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இயங்குதளம் போக அவருக்கு மிஞ்சுவது சுமார் 110 ஜிபி. அதில் போட்டோ, வீடியோ 70, வாட்ஸ்அப் 18, ஆப், கேம் 15, ஆஃப்லைனில் இறக்கிய பாட்டும் படமும் 7. போன் நிரம்பிவிட்டது.

அவர் ஐக்ளவுட் போட்டோஸில் ‘Optimize iPhone Storage’ என்பதைத் தேர்வு செய்தால், 70 ஜிபியின் அசல் க்ளவுடில் இருக்கும். இடம் குறையும்போது போனில் சிறிய பிரதி மட்டும் மிஞ்சும். பெரிய நிம்மதிதான். ஆனால், 70 ஜிபி என்பதால் 50 ஜிபி திட்டம் பத்தாது. 219 ரூபாய் திட்டம்தான் வேண்டும். மேலே பார்த்த லாபம் இவருக்குக் கிடையாது.

மீதி 40 ஜிபியை க்ளவுட் தொடவே தொடாது. வாட்ஸ்அப் ‘பேக்கப்’ ஆகிறதே என்று கேட்கலாம். பேக்கப் என்பது இன்னொரு நகல். அதனால் போனில் ஒரு எம்பிகூடக் காலியாகாது. ஆண்ட்ராய்டில் அந்த நகலும் கூகுளின் இலவச 15 ஜிபியில்தான் கை வைக்கிறது.

எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்?

முதல் சிக்கல் டேட்டா. 4கே வீடியோ ஐபோனில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. பத்து நிமிடக் கல்யாண வீடியோ 1.7 ஜிபி. தினமும் 2 ஜிபி டேட்டா பேக் போடுகிறவருக்கு ஒரு நாள் டேட்டாவே அதில் கரைந்துவிடும். வீட்டில் வைஃபை இல்லாதவருக்கு க்ளவுட் பெயருக்குத்தான்.

இரண்டாவது, டெலீட். ஐக்ளவுட் போட்டோஸ் ஓடும்போது “க்ளவுடில்தான் இருக்கே” என்று போனில் ஒரு படத்தை அழித்தால், க்ளவுடிலும் அழியும். 30 நாளுக்குள் மீட்டால் உண்டு. கூகுள் போட்டோஸில் ‘Free up space’ போனில் உள்ள நகலை மட்டும் நீக்கும். சாதாரணமாக டெலீட் செய்தால் இரண்டு இடத்திலும் போய்விடும்.

மூன்றாவது, சந்தாவை நிறுத்துவது. அளவுக்கு மேல் போன கூகுள் கணக்கில் புதிய படம் ஏறாது, ஜிமெயிலும் வராது. இரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்தால் உள்ளதையும் நீக்கக்கூடும் என்பது கூகுளின் விதி.

அப்படியானால் எதை வாங்குவது?

இப்போது கையில் இருக்கும் போனின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். நிரப்புவது போட்டோ, அதுவும் 50 ஜிபிக்குள் என்றால், ஐபோனில் அடிப்படை மாடலும் சின்ன க்ளவுட் திட்டமும் போதும். நிரப்புவது வாட்ஸ்அப், கேம், ஆஃப்லைன் படம் என்றால், 256 ஜிபிக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. வாங்கிய பிறகு போனின் உள் சேமிப்பைக் கூட்ட வழியே இல்லை. க்ளவுடை எந்த மாதமும் கூட்டலாம், குறைக்கலாம். ஆண்ட்ராய்டில் வித்தியாசம் மூவாயிரத்துக்குள் என்றால், யோசிக்காமல் பெரியதையே எடுக்கலாம்.

ஆனால், ஒன்று. 256 ஜிபி போன் பஸ்ஸில் தொலைந்தால் 256 ஜிபியும் தொலைந்த மாதிரிதான். இடத்துக்கு க்ளவுட் தேவைப்படாதவரும், குழந்தையின் முதல் படங்களையும் சான்றிதழ்களின் ஸ்கேனையும் மட்டுமாவது இலவச 15 ஜிபியில் ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது.