'நீங்க ரெண்டாவது சாய்ஸ்'னு சொல்லிட்டாங்களா?

எங்க கூரம் தம்பி ஒருத்தர் ஒரகடத்துல அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போனார். "நீங்க ரெண்டாவது சாய்ஸ், முதல் ஆள் இன்னும் ஓகே சொல்லலை"ன்னு எச்ஆர் சொல்லிட்டாங்களாம். "தினமும் ஃபோன் பண்ணட்டுமாண்ணா?"ன்னு என்கிட்ட கேட்டார்.

வேணாம். ஒரே கேள்வி கேளுங்க: அவர் பதில் சொல்லக் கடைசித் தேதி என்ன? வெள்ளிக்கிழமைன்னா, திங்கள் காலைல ஒரு மெயில். 'எனக்கு இன்னும் விருப்பம் இருக்கு, என் நோட்டீஸ் பீரியட் 30 நாள்' - இவ்வளவு போதும். முதல் ஆளுக்கு 90 நாள்னா, அந்த 30 நாள்தான் உங்க பலம். சம்பளத்தைக் குறைச்சுக்கறேன்னு மட்டும் நீங்களா ஆரம்பிக்காதீங்க.

நிறைய பேர் கோட்டை விடுறது இதுக்கு அப்புறம்தான். முதல் ஆள் ஓகே சொன்னதும் கதை முடிஞ்சதுன்னு விட்டுடறோம். ஆனா அவர் நோட்டீஸ்ல இருக்கறப்ப பழைய கம்பெனியே சம்பளத்தை ஏத்தித் தரலாம், வேற ஆஃபர் வரலாம். ஓகே சொல்லிட்டு சேராமலே போறவங்க நம்ம ஊர்ல சகஜம். அதனால ஜாயினிங் தேதி எப்போன்னு கேட்டு வச்சுக்கிட்டு, அதுக்கு மறுநாள் இன்னொரு மெயில் போடுங்க. அதுக்கும் பதில் இல்லேன்னா விட்டுடுங்க.

தம்பி ராஜினாமா கடிதம் வேற டைப் பண்ணி வச்சிருந்தார். ஆஃபர் லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் அதை அனுப்பவே கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.