கம்ப்யூட்டர் போட்ட கணக்கு என்று சொல்லாதீர்கள்



"பேங்க்ல கம்ப்யூட்டர் போடுற வட்டி சார், அதுல எப்படித் தப்பு வரும்?" இந்தக் கேள்வியைப் போன மாதம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவன் என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். இன்று சொந்தமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் காபி ஆறிப்போனது.

கம்ப்யூட்டர் பெருக்கலில் தப்புச் செய்யாது. எதைப் பெருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது மனிதர். அங்கேதான் வில்லங்கம்.

அவனுக்கு 5 லட்சம் ரூபாய் ஓவர்டிராஃப்ட், வட்டி 12 சதவீதம். ஜூன் 1-ஆம் தேதி கணக்கு தொடங்கி அன்றே 1,20,000 எடுத்திருக்கிறான். 11-ஆம் தேதி இன்னொரு 80,000. 21-ஆம் தேதி வியாபாரப் பணம் 1,50,000 கட்டியிருக்கிறான். மாதக் கடைசியில் வட்டி 4,931 ரூபாய் பிடித்திருந்தார்கள். பேசாமல் இருந்துவிட்டான்.

ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட் இரண்டுக்கும் ஒரே முறைதான். ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது எவ்வளவு பாக்கி நிற்கிறதோ அதற்கு மட்டும் அன்றைய வட்டி. பாக்கியை அது நின்ற நாட்களால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, வட்டி வீதத்தால் பெருக்கி, 36,500-ஆல் வகுக்க வேண்டும். பேப்பரை எடுத்து அவனையே போட வைத்தேன். முதல் பத்து நாள் 1,20,000 பாக்கி. பெருக்கினால் 12 லட்சம். அடுத்த பத்து நாள் 2,00,000. அது 20 லட்சம். கடைசிப் பத்து நாள் 50,000. அது 5 லட்சம். கூட்டினால் 37 லட்சம். 12-ஆல் பெருக்கி 36,500-ஆல் வகுத்தால் 1,216 ரூபாய் 44 காசு. ஒரு ரூபாய் முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். இங்கே வித்தியாசம் 3,715 ரூபாய்!

முழு 5 லட்சத்துக்கும் 30 நாள் வட்டி போட்டுப் பாருங்கள், சரியாக 4,931 வரும். ஏன் அப்படி? ஸ்டேட்மென்ட்டின் முதல் வரியிலேயே இருந்தது. ஜூன் 1 அன்று மொத்த 5 லட்சத்தையும் கிளையே அவனுடைய கரன்ட் அக்கவுண்ட்டுக்கு மாற்றியிருக்கிறது. அவன் எடுத்ததும் கட்டியதும் எல்லாம் அங்கே. கடன் கணக்கில் பாக்கி 5,00,000 `Dr` என்று மாதம் முழுக்க அசையாமல் நின்றது. அந்தப் பக்கம் மிச்சப் பணம் ஒரு பைசா வட்டி இல்லாமல் தூங்கியது. செயலியைத் திறந்தால் பணம் இருப்பதாகத்தான் தெரியும். அவனும் அதை எடுக்காத லிமிட் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

கிளையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பணம் உங்க கணக்குக்கு வந்துடுச்சே, அப்ப நீங்க பயன்படுத்தின மாதிரிதானே." அவன் கேட்டு மாற்றியிருந்தால் அது நியாயம்தான், மறுக்க மாட்டேன். கேட்டானா? மாற்றச் சொல்லிக் கையெழுத்திட்ட தாளைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேட்கச் சொன்னேன். காட்ட முடியவில்லை. மாற்றத்தை ஜூன் 1 தேதியிட்டே ரத்து செய்து, வட்டியைத் திரும்பப் போட்டு, அதிகம் பிடித்ததை வரவு வைத்தார்கள். இன்றைய தேதியிட்டுப் பணத்தைத் திருப்பினால் பழைய வட்டி அப்படியே நிற்கும் என்பதால் அந்தத் தேதியில் நான் விடாப்பிடியாக இருந்தேன்.

கடன் அனுமதித்த நாளிலிருந்தே, பணம் கொடுக்கும் முன்பே வட்டி போடுவது முறையற்றது என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 சுற்றறிக்கையில் சொல்லி, அதிகம் வாங்கியதைத் திருப்பித் தரவும் சொன்னது. உங்கள் வங்கி எழுத்துப் புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டால் `cms.rbi.org.in`-இல் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சில கடன்களில் எடுக்காத லிமிட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அது வட்டி வரியில் வராது, தனி வரியில் வரும்; அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்தால் கட்டத்தான் வேண்டும். போன மாத வட்டியைக் கட்டாமல் விட்டால் அதுவும் பாக்கியில் சேரும், அதையும் சேர்த்தே பெருக்குங்கள்.

வங்கியில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். "சார் ஒரு கிளைத் தப்பை வைத்து எல்லாரையும் திட்டுகிறார்" என்று தோன்றும். தோன்றட்டும். லிமிட் திறந்த அன்றே மொத்தத்தையும் கரன்ட் அக்கவுண்ட்டுக்குத் தள்ளுகிற பழக்கம் உங்கள் கிளையில் இல்லையென்றால் கீழே கமென்டில் சொல்லுங்கள், படிக்கிறேன்.