குழந்தையின் கிண்ணத்திலிருந்து தொடங்குவோம்



நம் மத்ரஸாவில் ஓதும் பிள்ளையின் தந்தை ஒருவர் அண்மையில் கையில் ஒரு தாளுடன் நம்மிடம் வந்தார். அவருடைய இளைய மகளுக்கு ஆறு மாதம் நிறைவடைகிறது. முதன்முதலாகச் சோறு ஊட்டும் நாளில் நாற்பது பேரை விருந்துக்கு அழைக்க எண்ணியிருந்தார். ஆட்டிறைச்சிப் பிரியாணி, எலும்பு போட்ட தால்ச்சா, இறால் வறுவல், வட்டிலப்பம் எனப் பண்டாரி பட்டியல் எழுதித் தந்திருந்தார். அடியில், "சைவத்திற்குத் தயிர்ச்சோறு" என்று ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரிதான் அவரை உறங்கவிடவில்லை. அவருடைய மனைவி இஸ்லாத்தைத் தழுவியவர். மனைவியின் பெற்றோர் புலால் உண்ணாதவர்கள். நீண்டகால மனத்தாங்கலுக்குப் பின், பேத்தியின் பொருட்டு முதன்முறையாக இவ்வீட்டிற்கு வர இசைந்திருந்தனர். அவருடைய தாயார் கீழக்கரையைச் சேர்ந்த ஷாஃபிஈ குடும்பத்தவர். தங்கையின் புகுந்த வீட்டாரோ ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் ராவுத்தர்கள். "ஹஜ்ரத், யாருக்காகச் சமைப்பது?" என்று கேட்டார்.

குழந்தைக்குச் சோறு ஊட்டும் இந்நாள் அகீகாவைப் போன்ற சுன்னத் அன்று. அது வழக்கம் மட்டுமே. நல்ல நேரம் பார்த்தல், நேர்ச்சை போன்றவை கலவாதிருந்தால், உறவினரைக் கூட்டி உணவளிப்பதில் தடையில்லை. ஆனால் அவ்விருந்தில் ஒருவர் ஓரமாக அமர்ந்து தயிர்ச்சோறு உண்டு எழுந்துபோனால், கூட்டியதன் நோக்கமே கெட்டுவிடுகிறது.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது நடந்ததை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று கேட்கப்பட்டபோது, இல்லை, எம் சமூகத்தாரின் பூமியில் இது இருக்கவில்லை, ஆகவே மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அவர்களின் கண்ணெதிரிலேயே அதை உண்டார்கள். உண்ணாதவர் பழிக்கவில்லை, உண்டவர் வற்புறுத்தவில்லை. ஒரே விரிப்பில் இருவகை உணவுப் பழக்கத்தினர் அமரும் முறைக்கு இதைவிட நல்ல சான்று நமக்கு வேண்டுவதில்லை.

எனவே அத்தந்தையிடம், பட்டியலைப் பிரியாணியிலிருந்து தொடங்காமல் குழந்தையின் கிண்ணத்திலிருந்து தொடங்குங்கள் என்றோம். ஆறு மாதக் குழந்தைக்கு உகந்தது குழைய வேகவைத்த பச்சரிசியும் பாசிப்பருப்பும், அதில் சில துளி நெய்யும். கரண்டியைச் சாய்த்தால் நீர்போல் ஓடாமல் மெல்ல வழியும் பதத்தில் மசிக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் வேண்டா. முதல் நாளில் இரண்டு மூன்று சிறு கரண்டியே போதும். தாய்ப்பால் வழக்கம்போல் தொடரும். தேன் ஷிஃபா என்பதால் அதைத் தொட்டு வைக்க விரும்புவோர் நம்மில் உண்டு. ஆனால் அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து ஓராண்டு நிறையாத குழந்தைக்குக் கடும் நோயை உண்டாக்கக்கூடும் என்பதால் மருத்துவர்கள் தடுக்கின்றனர். அதற்குக் காத்திருப்பதே அமானிதம். வந்தவர் அனைவரும் ஆளுக்கொரு வாய் ஊட்டுவதும் வேண்டா. கை கழுவிய பாட்டிமார் இருவர் ஊட்டட்டும். ஏனையோர் துஆச் செய்யட்டும்.

இப்போது அக்கிண்ணத்தைப் பாருங்கள். அரிசி, பருப்பு, நெய். அந்த நாற்பது பேரில் அதை மறுப்பவர் எவருமிலர். பெரியவர்களின் விருந்தும் இதே போல, அனைவருக்கும் பொதுவான சோற்றை நடுவில் வைத்து அமைய வேண்டும் என்பதே நம் கருத்து.

பிரியாணியில் இறைச்சியும் சோறும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன. நெய்ச்சோற்றில் அக்கலப்பு இல்லை. ஐந்து கிலோ சீரகச்சம்பாவில் பட்டை, கிராம்பு, ஏலம், வெங்காயம் சேர்த்து நெய்ச்சோறு ஆக்கினால் நாற்பது பேருக்குப் போதும். இறைச்சி உண்பவர் முப்பது பேருக்கு ஐந்து கிலோ ஆட்டிறைச்சியில் குழம்பு தனியே வைக்கலாம். மற்றவர்களுக்கு உருளைக்கிழங்கு, பட்டாணி சேர்த்த தேங்காய்ப்பால் குருமா. தால்ச்சாவை எலும்பின்றி, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு ஒரே சட்டியில் அனைவருக்குமாக ஆக்கலாம். பருப்பும் காயும் கண்ணுக்குத் தெரிவதால் தால்ச்சாவைச் சைவம் என்று எண்ணி ஊற்றிவிடுவதுதான் நம் விருந்துகளில் அடிக்கடி நேரும் பிழை.

இறாலை எடுத்துவிடச் சொன்னோம். ஷாஃபிஈகளுக்கு அது ஆகும். ஹனஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களுள் மீன் மட்டுமே ஆகும்; இறால் மீன் வகையைச் சேர்ந்ததா என்பதில் அம்மத்ஹபின் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மைத்துனரைச் சங்கடத்தில் ஆழ்த்துவதைவிட வஞ்சிரம் வறுப்பது எளிது. வட்டிலப்பத்தில் முட்டை இருப்பதால், அதற்குப் பதிலாகப் பாலில் காய்ச்சிய கடற்பாசி. கடைகளில் கிடைக்கும் ஜெல்லி மாவில் விலங்கின் ஜெலட்டின் இருக்கக்கூடும், கடற்பாசியோ விலங்கிலிருந்து எடுக்கப்படுவதன்று. அது சைவருக்கும் ஆகும், நமக்கும் ஐயமற்றது.

பட்டியல் சரியாக இருந்தும் அடுப்படியில் கெடுவதுண்டு. குருமாவையும் தால்ச்சாவையும் காலையில் முதலில் ஆக்கி மூடி வைத்துவிட வேண்டும்; அதன் பிறகே இறைச்சியை அடுப்பேற்ற வேண்டும். கரண்டிகளும் தனியாக வேண்டும். மீன் வறுத்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கலாகாது. அவசரத்தில் பண்டாரிகள் செய்வது இதுவே. வெங்காயம், பூண்டு ஆகுமா, நாங்கள் புழங்கும் பாத்திரத்தில் ஆக்கினால் உண்பீர்களா என்று சம்பந்தி வீட்டாரிடம் முன்னரே கேட்பதில் இழுக்கில்லை. அவர்கள் வெங்காயம் உண்பவர்களே. ஆயினும் புதுப் பாத்திரம் விரும்பினர். இரண்டு சட்டிகள் வாங்கப்பட்டன.

பரிமாறுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கீழக்கரை வழக்கப்படி நால்வர் சூழ்ந்து உண்ணும் சஹனை அத்தாயார் விரும்பினார். ஒரே சஹனில் ஒருவர் இறைச்சிக் குழம்பு ஊற்றினால் மற்றவர் பக்கம் வழியாமலிராது. சஹன் அழகிய வழக்கம்தான். ஆனால் அன்று ஒரே விரிப்பில் அனைவருக்கும் தனித்தனி இலை போடும்படி வேண்டினோம். விருந்தினருக்கு மட்டும் இலை போட்டால் அதுவும் ஒதுக்குதலே.

இறுதியாக, மனைவியின் தாயார் தம் கையால் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவர விரும்பினார். ஏற்கலாமா? அரிசி, பருப்பு, வெல்லம், நெய் ஆகியவை ஹலாலே. தெய்வத்திற்குப் படைக்கப்பட்டதை மட்டுமே நாம் ஏற்பதில்லை. "அம்மா, படைக்காமல் எங்களுக்கென்றே செய்து வாருங்கள்" என்று மகளே சொல்லட்டும் என்றோம். மகள் சொன்னார், தாயும் அவ்வாறே செய்து வந்தார்.

அப்பொங்கல் பெரியவர்களின் இலைக்குச் சென்றது. குழந்தையின் கிண்ணத்திலிருந்து "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி வாப்பாவின் உம்மா முதல் கரண்டியை ஊட்டினார். இரண்டாவது கரண்டி அம்மாவின் அம்மாவிடம் நீட்டப்பட்டது. அவர் அதை வாங்கும்போது கை நடுங்கியது என்று அத்தந்தை பின்னர் நம்மிடம் கூறினார்.

அல்லாஹ் நம் விரிப்புகளை உறவைச் சேர்ப்பவையாக ஆக்கியருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.