1.33-ஐக் கண்டு மயங்குவோருக்கு

சிபிகே 1.33-ஐத் தாண்டிவிட்டால் பாட்டில்கள் எல்லாம் அளவுக்குள்தான் இருக்கும் என்ற நம்பிக்கை நம் ஆலைகளில் வேரூன்றிவிட்டது. சராசரி, அருகிலுள்ள வரம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, அதைத் திட்ட விலக்கத்தின் மும்மடங்கால் வகுத்தால் சிபிகே வரும். எல்லாப் பாட்டில்களும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை, அந்தக் கூட்டம் மணிவடிவில் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால்தான் அதிலிருந்து பழுதின் விகிதத்தைச் சொல்ல முடியும். நிரப்பும் எந்திரத்தில் அந்த அனுமானம் நிற்காது. 40 வால்வு கொண்ட எந்திரம் என்பது 40 தனித்தனி நிரப்பிகள்.

ஒரு லிட்டர் குடிநீர்ப் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் பொட்டலப் பொருள் விதிகள் (2011) தனிப் பாட்டிலுக்கு அனுமதிக்கும் குறைவு 15 மி.லி.; ஆகவே கீழ்வரம்பு 985. மேல்வரம்பு ஆலையே வைத்துக்கொண்ட 1020 என்று கொள்வோம். 39 வால்வுகள் சராசரியாக 1002 மி.லி. நிரப்புகின்றன, ஒரு வால்வின் வென்ட் டியூப் இறங்கிப்போய் 988 மட்டுமே நிரப்புகிறது. ஒவ்வொரு வால்வின் திட்ட விலக்கமும் 2 மி.லி. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிபிகே சுமார் 1.87. கோடியில் ஒரு பாட்டில்கூடத் தவறாது என்கிறது அந்த எண். பழுதான வால்வை மட்டும் கணக்கிட்டால் சிபிகே 0.5, அதிலிருந்து வரும் நூறு பாட்டில்களில் ஏறக்குறைய ஏழு கீழ்வரம்புக்கும் கீழே. மணிக்கு 12,000 பாட்டில் ஓடும் லைனில், மணிக்கு 20 பாட்டில்கள் சட்டத்தை மீறிக்கொண்டு வெளியே போகின்றன. அறிக்கையில் மட்டும் பச்சை நிறம்!

மணிக்கு ஐந்து பாட்டில் எடுத்து எடைபோடுகிறோமே, அதில் சிக்கிவிடாதா என்பார்கள். அந்த வால்வின் பாட்டில் ஐந்தில் ஒன்றாக அகப்பட எட்டில் ஒரு வாய்ப்புதான். அகப்பட்டாலும் பெரும்பாலும் 988-ஐ ஒட்டியே காட்டும். அது 985-க்கு மேல் என்பதால் 'பாஸ்' என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இன்னும் சிலர் சராசரியை உயர்த்திவிட்டால் போயிற்று என்பார்கள். ஒரு வால்வுக்காக எல்லாவற்றையும் 10 மி.லி. கூட்டினால் மணிக்கு 120 லிட்டர் சும்மா போகும், அந்த வால்வின் பழுதும் அப்படியே இருக்கும்.

சிபிகே-யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஷிப்டு தொடக்கத்தில் எந்திரத்தின் ஒரு முழுச் சுற்று, அதாவது 40 பாட்டில்களையும், வால்வு எண் வரிசையிலேயே எடுத்து, காலி எடையைக் கழித்து, எண்ணுக்கு எதிரே புள்ளியிட்டுப் பாருங்கள். இரண்டாம் சுற்றிலும் அதே எண் தாழ்ந்தால் ஃபிட்டரைக் கூப்பிட அதுவே போதும். அதற்குப் பிறகு வால்வுவாரியாகக் கணக்கிட்டு, மிகக் குறைந்த சிபிகே எதுவோ அதை அறிக்கையில் எழுதுங்கள். மொத்தத்துக்கு ஒரே எண்ணைக் காட்டும் அறிக்கையைத் தர அதிகாரிகள் ஏற்கவே கூடாது.